விலை அனுப்பி எட்டு நாளாச்சு, பதில் இல்லை!

அரிசிக்கு விலை கேட்கிறார்கள். நாமும் பொறுப்பாக உட்கார்ந்து கணக்குப் போட்டு விலைப்புள்ளி அனுப்புகிறோம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். இந்த இடத்தில் நம்ம ஆட்களில் பாதிப் பேர் ‘வேணும்னா அவனே கேட்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் நாளைக்கு மூன்று தடவை போன் போட்டு, எதிராளி நம்பரைப் பார்த்தாலே எடுக்காதபடி செய்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஐந்து வரியில் ஒரு நினைவூட்டல் இருக்கிறது. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் நினைவூட்டுக் கடிதம் எழுதியே காலம் தள்ளியவன் என்பதால், எங்கள் குழுவில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எட்டு நாள் பதில் வராததற்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம். ‘விலை அதிகம், வேண்டாம்’ என்பதுதான் அர்த்தம் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். இயற்கை அங்காடி வைத்திருக்கிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். மாதத்தின் முதல் வாரம் முழுக்க மளிகைக் கூட்டம், அவருக்குக் குனிந்து நிமிர நேரம் இருக்காது. நாம் கொடுத்த மாதிரி அரிசியை வீட்டில் வடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வீட்டு அம்மாவிடம் கொடுத்திருப்பார், அவர் இன்னும் வடித்திருக்க மாட்டார். கூட்டாளி ஒருவர் இருப்பார், அவரைக் கேட்காமல் வாங்க முடியாது. பழைய சரக்கு இன்னும் நான்கு மூட்டை கிடக்கும்.

இதையெல்லாம்விட அதிகம் நான் பார்த்த காரணம் வேறு. நம்ம விலைப்புள்ளியில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும். லாரி வாடகை யார் கொடுப்பது, சாக்கு எத்தனை கிலோ, பணம் எப்போது என்று ஏதாவது ஒன்று. அதைக் கேட்க வேண்டும் என்று நினைப்பார், அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிடும், அப்படியே தள்ளிப்போய்விடும். வங்கியில் கடன் மனுக்கள் மேசையில் தூங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். மறுத்ததால் கிடப்பதைவிட ஒரு தாள் குறைவதால் கிடப்பதுதான் அதிகம். ஆகவே நம்ம நினைவூட்டல், விட்டுப்போன கேள்வியை அவர் வாயிலிருந்து வரவழைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இந்த மாசியில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து தூயமல்லி போட்டிருந்தோம். சம்பா அறுவடை முடிந்து நெல்லைக் காயவைத்து மூட்டை கட்டியாச்சு. சென்னையில் ஒரு இயற்கை அங்காடிக்காரர் போனில் விலை கேட்டார். பிப்ரவரி 12ஆம் தேதி, புதன்கிழமை, வாட்ஸ்அப்பில் விலை அனுப்பினோம். தூயமல்லி புழுங்கல் அரிசி, ஒரு முறை மட்டும் தீட்டியது, 600 கிலோ. 30 கிலோ சாக்கில் 20 சாக்கு. கிலோ 84 ரூபாய், மில் வாசல் விலை. மொத்தம் 50,400 ரூபாய். பாதி முன்பணம், மீதி சரக்கு கைக்கு வந்ததும். இந்த விலை பிப்ரவரி 28 வரை செல்லும். பி.ஜி.எஸ். சான்றிதழின் படமும் கூடவே போனது.

இதில் ‘28 வரை செல்லும்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பின்னால் எழுதப்போகிற நினைவூட்டலுக்கு விதை அதுதான். கெடு இல்லாமல் விலை அனுப்பிவிட்டால், எட்டாம் நாள் எதைச் சொல்லிப் பேச்சை எடுப்பது? ‘என்ன சார், ஒன்றும் சொல்லலையே’ என்றுதான் கேட்க வேண்டியிருக்கும். அது குற்றம் சாட்டுகிற தொனி. கெடு இருந்தால் ‘28 வரை இந்த விலை இருக்கு’ என்று தகவலாகச் சொல்லலாம்.

கெடு வைப்பதற்கு நம்ம பக்கமும் உண்மையான காரணம் இருக்கிறது. தவிடு முழுசாக நீக்காத அரிசி அதிக நாள் தாங்காது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை தட்டும், வண்டும் சீக்கிரம் விழும். அதனால் நாங்கள் நெல்லாகவேதான் வைத்திருப்போம். ஆர்டர் உறுதியான பிறகுதான் மில்லில் தேதி வாங்கி அவித்து, காயவைத்து, அரைப்பது. எங்கள் பக்கத்து மில்லில் அதற்கு ஐந்தாறு நாள் ஆகும். 600 கிலோ அரிசிக்கு 60 கிலோ மூட்டை பதினாறு நெல் வேண்டும், அதாவது 960 கிலோ. எங்கள் கண்டுமுதல் நூறுக்கு அறுபத்திரண்டரை கணக்கில் வருகிறது. பதினாறு மூட்டையை ஒருவர் பேருக்கு ஒதுக்கி வைத்துவிட்டால், வேறு யாராவது கேட்டால் கொடுக்க முடியாது. ஆகையால் அவர் வேண்டும் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்பது நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

12ஆம் தேதி அனுப்பியதற்கு 20ஆம் தேதி, வியாழக்கிழமை, எட்டாம் நாள் நினைவூட்டல் போனது. நாள் பார்த்துத்தான் அனுப்பினோம். சனி, ஞாயிறு அங்காடியில் கூட்டம் இருக்கும். மாதம் பிறந்து ஐந்தாறு நாளும் அப்படித்தான். இருபது தேதிக்கு மேல் கடைக்காரர் அடுத்த மாதத்துக்கு என்ன சரக்கு வாங்கலாம் என்று யோசிக்கிற காலம். நேரமும் காலை பதினொன்று. கடை திறந்து கூட்டிப் பெருக்கி, ஒரு டீ குடித்துவிட்டு உட்காருகிற நேரம். ராத்திரி பத்து மணிக்கு வருகிற செய்தியை ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று மூடிவிட்டால், காலையில் அதற்கு மேல் முப்பது செய்தி வந்து உட்கார்ந்திருக்கும்.

அனுப்பிய செய்தி இதுதான்:

“வணக்கம் சார். தூயமல்லி புழுங்கல் 600 கிலோவுக்கு, கிலோ 84 ரூபாய், பிப்ரவரி 12 அன்று விலை அனுப்பியிருந்தோம். கிடைத்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் செய்தி. இந்த விலை 28 வரை அப்படியே இருக்கும். அளவு, சாக்கு எடை, லாரி வாடகை எதுவானாலும் மாற்றிக் கேட்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், அதற்கேற்பக் கணக்குப் போட்டுத் தருகிறோம். இப்போதைக்கு வேண்டாம் என்றாலும் ஒரு வார்த்தை போதும் சார். நன்றி.”

கீழே என் பெயர், ஊர், போன் நம்பர். அவ்வளவுதான்.

சரக்கு, அளவு, விலை, தேதி நான்கையும் திரும்ப எழுதியிருக்கிறேன். பழைய செய்தியை அவர் தேடக் கூடாது. போனில் இடம் இல்லை என்று படங்களை அழித்திருப்பார், நம்ம விலைப்புள்ளியும் அதோடு போயிருக்கும். அன்றைக்கு அனுப்பிய செய்தியையே அழுத்திப் பிடித்து, அதற்குப் பதில் போடுகிற மாதிரி இதை அனுப்பினால் இன்னும் நல்லது. தொட்டால் மேலே பழைய செய்திக்குப் போய்விடும். ‘நான் அனுப்பினேனே அந்த விஷயம்’ என்று மொட்டையாகக் கேட்டால் அவருக்கு நாம் யார் என்பதே சட்டென்று நினைவுக்கு வராது. அவரிடம் பத்துப் பேர் அரிசி விலை சொல்லியிருப்பார்கள்.

‘கிடைத்ததா’ என்று கேட்பது, அவர் பதில் போடாததற்கு ஒரு கௌரவமான காரணத்தை நாமே கொடுப்பது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும், அவர் பார்த்தது நமக்குத் தெரியும். தெரிந்தாலும் ‘பார்த்துட்டீங்களே சார்’ என்று கேட்கக் கூடாது. அதைப் போல எரிச்சல் மூட்டுவது வேறில்லை. அனுப்பியதை அழித்துவிட்டு அதையே மறுபடி அனுப்புவதும் வேண்டாம். அழித்த தடம் அங்கே தெரியும்.

அடுத்து, மாற்றிக் கேட்கலாம் என்ற வரி. நான் முன்னே சொன்ன விட்டுப்போன கேள்விக்கு வாசல் அதுதான். ‘ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் கேட்பதில்லை. அளவு, சாக்கு, லாரி என்று பெயர் சொல்லிக் காட்டினால், தனக்கு இடிக்கிற இடத்தை அவர் தொட்டுக் காட்டுவார்.

கடைசியில் ‘வேண்டாம் என்றாலும் ஒரு வார்த்தை போதும்’. இதை எழுதுவதற்கு எங்கள் குழுவிலேயே எதிர்ப்பு வந்தது. “நாமளே வேண்டாம்னு சொல்ல வழி காட்டுறோமே சார்” என்றார் ஒரு நண்பர். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நம்ம ஜனங்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே பதில் போடாமல் இருக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ‘சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டோம்’ என்று தெரிவித்துவிட்டால் பேச ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம் என்றே வந்தாலும் பதினாறு மூட்டை நமக்கு விடுதலை.

இந்தச் செய்தியில் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. விலையைக் குறைக்கவில்லை. பதில் வராமல் இருக்கும்போது கை பரபரக்கும், ‘80க்குத் தருகிறோம் சார்’ என்று எழுதச் சொல்லும். அவர் விலை அதிகம் என்று இன்னும் சொல்லவே இல்லை. கேட்காதபோதே நான்கு ரூபாய் குறைத்தால், முதலில் சொன்ன 84இல் காற்று இருந்தது என்று நாமே ஒப்புக்கொடுத்த மாதிரி ஆகும். அடுத்த முறை நாம் என்ன விலை சொன்னாலும் அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்ப்பார். 600 கிலோவில் நான்கு ரூபாய் என்றால் 2,400 ரூபாய். அவர் வாய் திறந்து கேட்டால் பேசலாம், அதுவும் அளவைக் கூட்டியோ, முழுப் பணத்தையும் முன்னால் வாங்கியோ, ஏதாவது ஒரு காரணத்தோடு.

‘வேறொரு பார்ட்டி கேட்கிறார், உடனே சொல்லுங்கள்’ என்பதும் வேண்டாம். உண்மையிலேயே ஒருவர் கேட்டால் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இல்லாத பார்ட்டியைக் கற்பனை செய்து சொன்னால், அவர் ‘சரி, கொடுத்துடுங்க’ என்பார். அப்புறம் மாதக் கடைசியில் அதே நெல்லை வைத்துக்கொண்டு அவருக்கே எப்படிப் போன் போடுவது?

எங்கள் செய்திக்கு சனிக்கிழமை ராத்திரி குரல் பதிவில் பதில் வந்தது. “சார், லாரி வாடகையோட என்ன விலைன்னு தெரியல, அதான் பேசாம இருந்தேன். 600 கிலோ எனக்கு ஜாஸ்தி. 300 போதும். 10 கிலோ பையில் பேர் போட்டுத் தர முடியுமா?” மூன்று கேள்வி. பத்து நாளாக அவர் மனசிலேயே இருந்திருக்கிறது. ‘விலை அதிகம்’ என்ற பேச்சே இல்லை.

கேள்வி வந்துவிட்டால் பழைய விலைப்புள்ளி அத்தோடு முடிந்தது. புதிதாக ஒன்று எழுத வேண்டும், வாய்ச்சொல்லாக விடக் கூடாது. பை விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. 2022 ஜூலை 18லிருந்து, 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் அடைத்துப் பெயர் அச்சிட்ட அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சந்தையில் 25 கிலோ மூட்டை திடீரென்று 26 கிலோவாக வளர்ந்த கதை இதுதான். நாங்கள் பை அடிப்பதில் இறங்காமல், 30 கிலோ சாக்கிலேயே தருகிறோம், கடையில் நீங்களே எடை போட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். லாரி பார்சல் வாடகையை விசாரித்தோம், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி சேர்த்து எங்களுக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் வந்தது. ஆக, கடை வாசல் விலை கிலோ 88. 300 கிலோ 26,400 ரூபாய். முன்பணம் 13,200. இந்த விலைக்கு மார்ச் 5 வரை கெடு. ஞாயிறு விட்டுத் திங்கள் காலை அனுப்பினோம், செவ்வாய் மதியம் முன்பணம் கணக்கில் விழுந்தது. அன்றைக்கே எட்டு மூட்டை நெல் மில்லுக்குப் போனது. மீதி எட்டு மூட்டை நெல்லாகவே இருந்ததால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எல்லோரும் இப்படிப் பதில் போட மாட்டார்கள். அதே மாதம் இன்னொரு அங்காடிக்கும் பூங்கார் அரிசிக்கு விலை அனுப்பியிருந்தோம். எட்டாம் நாள் நினைவூட்டலுக்கும் பதில் இல்லை. அப்படியானால் இன்னும் ஒரே ஒரு செய்தி, கெடு முடிகிற அன்றைக்கு: “வணக்கம் அம்மா. பூங்கார் அரிசிக்கு நாங்கள் சொன்ன விலையின் கெடு இன்றோடு முடிகிறது. நெல்லை வேறு இடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். பிறகு எப்போது தேவைப்பட்டாலும் சொல்லுங்கள், அன்றைய இருப்பும் விலையும் சொல்கிறோம். நன்றி.” இதற்கு மேல் அனுப்பக் கூடாது. போன் பேசியே பழகிய ஆளாக இருந்தால் இந்தச் செய்திக்குப் பதிலாக ஒரு தடவை போன் செய்யலாம். எடுக்கவில்லையா, விட்டுவிட வேண்டும். மறுபடி மறுபடி அடித்தால் திரையில் ‘தவறிய அழைப்பு 6’ என்று நிற்கும், அதைப் பார்த்தபிறகு யாருக்குத் திருப்பிக் கூப்பிடத் தோன்றும்?

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பழைய தொழில் விடவில்லை. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், நாம் சொல்கிற விலை ஒரு முன்மொழிவு. எதிராளி ஏற்றுக்கொண்டு தெரிவிக்கிற வரைக்கும் அதை நாம் திரும்பப் பெறலாம், ஆனால் திரும்பப் பெறுகிற சேதி அவருக்குப் போய்ச் சேர வேண்டும். கெடு சொல்லியிருந்தால் கெடு முடிந்ததும் அது தானாகவே காலாவதி. கெடு சொல்லாவிட்டால் ‘நியாயமான காலம்’ வரை உயிரோடு இருக்கும். நியாயமான காலம் எத்தனை நாள் என்பது வக்கீலுக்கு வக்கீல் மாறும். ஆகவே பூங்காருக்கு இடையில் நிஜமாகவே வேறு ஆள் வந்தால், அவருக்குக் கொடுப்பதற்கு முன் முதலில் கேட்டவருக்கு ஒரு சேதி போய்விட வேண்டும். 28 வரை என்று சொன்னதைக் காப்பாற்றுவதுதான் என் வழக்கம். அவசரமாக இடையில் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

இன்னொன்று, ‘மூன்று நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கம்பெனிக் கடிதங்களைப் பார்த்துப் பழகியது போலிருக்கிறது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு வேண்டுமானால் பொருந்தலாம், அரிசி வியாபாரத்தில் செல்லாது. அதை நம்பி நெல்லை அவித்துவிட்டால் அவித்த நெல் நம்ம தலையில்தான்.

இதற்கெல்லாம் தனியாக மென்பொருள் எதுவும் தேவையில்லை. வங்கியில் டியூ டேட் டைரி என்று ஒன்று வைத்திருப்போம். அன்றன்றைக்குக் கெடு வருகிற கணக்கெல்லாம் அந்தத் தேதிப் பக்கத்தில் எழுதியிருக்கும். காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அன்றைய வேலை தெரியும். எங்கள் குழுவுக்கும் ஒரு பழைய நாட்குறிப்பையே வைத்திருக்கிறேன். விலை அனுப்புகிற அன்றே எட்டாம் நாள் பக்கத்தில் ஒரு வரி, கெடு நாள் பக்கத்தில் ஒரு வரி. ‘தூயமல்லி, சென்னை, 600, 84’ என்று நாலு வார்த்தை. எட்டாம் நாள் சனி ஞாயிறில் விழுந்தால் செவ்வாய்க்குத் தள்ளி எழுதுவேன். பதில் வந்ததும் இரண்டு வரியையும் அடித்துவிடுவேன். இந்த நிமிஷம் அதில் அடிக்காத வரி மூன்று இருக்கிறது, ஒன்றுக்கு நாளைக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.